எனக்கு எட்டு, அவளுக்குப் பதினொன்று

காலை எட்டு மணி ஆறு நிமிடத்துக்கு உலகநாதன் காரின் இடது முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சீட் பெல்ட்டை மாட்டினான், மாட்டியது சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தான், மூன்றாவது முறை இழுக்கப் போகையில் ஸ்டீயரிங் முன்னால் இருந்த மனைவி ஆவுடை பார்த்துவிட்டதால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிறவன் மாதிரி கையை மேலே கொண்டுபோனான். ஏழே முக்காலுக்கே அவள் தயார். பட்டுக்கும் பருத்திக்கும் நடுவில் ஏதோ ஒரு சேலை, மாம்பழ நிறம், கைப்பையில் தலைமையாசிரியை பதவி உயர்வு ஆணை, அதற்கு இரண்டு நகல். அவன்தான் பாத்ரூமுக்குள் போய், ஒன்றுமே செய்யாமல், குழாயைத் திறந்துவிட்டு எட்டு மணி வரை நின்றான். வியாழக்கிழமை ஏழிலிருந்து எட்டு செவ்வாய் ஹோரை. செவ்வாய் புத்தி நடக்கிறவன் செவ்வாய் ஹோரையிலா வாகனத்தில் ஏறுவான்? எட்டுக்கு மேல் சூரியன், ஒன்பதிலிருந்து சுக்கிரன், பத்திலிருந்து புதன். சுக்கிர ஹோரைக்குள் அவள் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி தாண்டி நாற்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரம், மெதுவாக ஓட்டினால் ஒன்றேகால். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், அவள் லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. காரை இத்தனை வருஷமும் ஓட்டியது அவன். மூன்று வாரமாகச் சாவியைத் தொடவில்லை. "தோள்ல ஒரு பிடிப்பு" என்று சொல்லியிருந்தான். எந்தத் தோள் என்பதை மட்டும் அவ்வப்போது மறந்துவிட்டான்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. நல்லாத்தான் திருப்புகிறாள். இண்டிகேட்டர் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள். ஆனால் கண்டம் இண்டிகேட்டர் பார்த்தா வரும்? அவளுக்கு நல்ல நேரம் குறிக்கத்தான் அவன் ஜோசியர் கந்தையா அண்ணாச்சியிடம் போனது, தன் ஜாதகத்தைப் பார்க்கச் சொல்லவேயில்லை. இரண்டு நோட்டும் ஒரே மஞ்சள் பையில் இருந்தன, அதுதான் தப்பாகப் போயிற்று. அண்ணாச்சி அவளுடையதைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாகி, "ரிஷப ராசி, ரோகிணி. சனி மீனத்துல, பதினொண்ணாமிடம். லாப ஸ்தானம்வே. அம்மாவுக்கு நாற்காலி தேடி வருது" என்றார். சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷத்தில் அடுத்த நோட்டைத் திறந்து, சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, விரலால் கட்டங்களை எண்ணினார். சிம்மம், கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு, மகரம், கும்பம், மீனம். எட்டாவது கட்டத்தில் விரல் நின்றது. "நீரு சிம்மம், பூரம். அதே சனி உமக்கு எட்டுல. அஷ்டம சனி. சரி, அதுகூடப் பரவால்ல, எல்லாருக்கும் முப்பது வருஷத்துல ரெண்டரை வருஷம் வாறதுதான். திசை என்ன ஓடுது?" சுக்கிர திசையில் பிறந்து, சூரியன், சந்திரன், செவ்வாய் எல்லாம் கடந்து, முப்பத்து நாலு வயதில் ஆரம்பித்த பதினெட்டு வருஷ ராகு திசை. அதன் ஒன்பது புத்தியில் எட்டு போய்விட்டது, கடைசிப் புத்தி செவ்வாய், ஒரு வருஷம் பதினெட்டு நாள், அதில் இன்னும் நாலு மாதம் பாக்கி. "ராகுல செவ்வாய். ம்ம். ஜாதகத்துல நாலாமிடத்துல ராகு, நாலுதான் வாகன ஸ்தானம். ஒம்பதுல நிக்கிற செவ்வாய் எட்டாம் பார்வையா அந்த நாலையே பாக்கான்." பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அந்த இரண்டு நிமிடம்தான் உலகநாதனுக்கு இன்றுவரை முடியவில்லை. வந்து உட்கார்ந்து, "எதுலயும் ஒரு தாமதம் இருக்கும். வண்டி வாகனத்துல பாத்துக்கிடணும். சின்னதா ரத்தக்காயம் பட வாய்ப்பு உண்டு. பயப்படாதிரும்" என்றார். பயப்படாதிரும் என்று சொன்ன பிறகு பயப்படாமல் இருந்த மனிதர் உண்டா?

பேட்டை நெரிசல். முன்னால் ஒரு மினிபஸ், பக்கத்தில் தண்ணீர்க் குடங்களோடு ஒரு டிரை சைக்கிள். அவனுக்கு வேறு ஏதாவது வேலை இருந்திருக்கக் கூடாதா? வாகனச் சேதம் மதிப்பிடுகிற ஒரு சர்வேயரின் ஆபீசில் பத்தொன்பது வருஷமாக விபத்து அறிக்கை டைப் அடிக்கிறவனிடம் போய் வாகனத்தில் ஜாக்கிரதை என்று சொன்னால்! மேற்படி வாகனம் மேற்படி நேரத்தில் மேற்படி சாலையில் சென்றுகொண்டிருந்தபோது. எல்லா அறிக்கையும் இப்படித்தான் தொடங்கும், வண்டி எங்கேயோ நின்றுகொண்டிருக்கும்போது எதுவும் தொடங்குவதில்லை. வானிலை: தெளிவு. சாலை: நேர். இன்று வானிலை தெளிவாக இருக்கிறதே என்று அவன் வானத்தைப் பார்த்தான். மேற்கே மலைமேல் கொஞ்சம் மேகம் தெரிந்தது, ஆறுதலாக இருந்தது. மூன்று வாரமும் அவன் செய்யாதது ஒன்றில்லை. சனிக்கிழமை நவக்கிரகத்தில் சனீஸ்வரனுக்கு நல்லெண்ணெய் விளக்கு. நேருக்கு நேர் நிற்கக் கூடாது என்று யாரோ சொன்னதால் பக்கவாட்டில் நின்று, பக்கத்திலிருந்த கேதுவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை மூடி விளக்கு. ஆபீசில் பல்வலி என்று பர்மிஷன் போட்டான், தோள்வலி வீட்டுக்கு, பல்வலி ஆபீசுக்கு. ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்தான். நடந்து போய் மூன்றாம் நாளே நடைபாதைக் கல் தடுக்கிக் கணுக்கால் பிசகியது, இதுதானோ அது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டான், ரத்தம் வராததால் கணக்கில் சேராது என்று விட்டுவிட்டான். சவரம் பண்ணும்போது வெட்டிக்கொண்டால் சேருமா? இதை அண்ணாச்சியிடம் போனில் கேட்டேவிட்டான். அண்ணாச்சி, "வே, காயம் பட்டே ஆகணும்னு கெரகம் ஒத்தக்கால்ல நிக்கல. செவ்வாய் ரத்தகாரகன். அவன் கேக்குமுன்ன நாமளே குடுத்துட்டா? போய் ரத்ததானம் பண்ணும்" என்றார். அவனுக்கு ஊசி என்றால் காய்ச்சல் வரும். ஆனாலும் ஒரு செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போனான். படுக்கவைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "அமுக்கி அமுக்கி விடுங்க சார்" என்றாள் நர்ஸ். பை நிரம்புவதைத் திரும்பிப் பார்த்தான், இவ்வளவு சிவப்பாக இவ்வளவு நாளும் உள்ளே ஓடிக்கொண்டிருந்ததா? பிஸ்கட்டும் ஜூஸும் தந்தார்கள். வெளியே வந்தபோது வெயில்கூட நல்ல வெயிலாக இருந்தது. யாரோ ஒருத்தருக்குப் போய்ச் சேரும் என்ற நினைப்பு வந்தது, கண்டம் ஞாபகம் வரவில்லை, பஸ் ஸ்டாப் வரைக்கும் வரவேயில்லை.

"என்னங்க, காலை ஏன் அப்படி அமுக்குதீங்க?"

"எங்க?"

"கீழ. மிதியடி கிழியப்போவுது. உங்க பக்கம் பிரேக் கிடையாது, தெரியும்லா?"

பார்த்தான். வலதுகால் விறைத்துப்போய்க் காரின் தரையை நசுக்கிக்கொண்டிருந்தது. எடுத்து, இடதுகாலுக்குப் பின்னால் சொருகிக்கொண்டான். பத்தமடை தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போனது, நாற்று நட்ட வயலில் கொக்குகள், எதிரே மலை முழுசாக எழுந்து நின்றது. ஆவுடை ஏதோ முணுமுணுத்தாள், பாட்டு இல்லை, "அன்பான மாணவ மாணவியரே" என்று பேச்சை ஒத்திகை பார்க்கிறாள். இருபத்து மூன்று வருஷம் கணக்கு டீச்சர். பதவி உயர்வுப் பட்டியல் மூன்று தடவை தள்ளிப்போய், மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ஆணை வந்தது, ஒரு மாதத்துக்குள் பொறுப்பேற்க வேண்டும் என்று. அவன் அண்ணாச்சியிடம் நாள் கேட்டபோது எல்லாம் பொருந்தியது இன்றைக்குத்தான். ரோகிணிக்கு ரேவதி இருபத்து நாலாவது நட்சத்திரம், ஒன்பதால் வகுத்தால் மீதி ஆறு, சாதக தாரை, எடுத்த காரியம் கைகூடும். சரி, அவளுக்கு. பூரத்துக்கு ரேவதி பதினேழாவது நட்சத்திரம். சந்திரன் எட்டாமிடத்தில். சந்திராஷ்டமம். தேதி காலண்டரின் இன்றைய தாளிலேயே கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது, 'சந்திராஷ்டமம்: பூரம்', ஊருக்கெல்லாம் அச்சடித்து அவனை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. ஏற்கெனவே சனி நிற்கிற வீட்டுக்குச் சந்திரனும் வந்து உட்கார்ந்திருக்கிறான், இரண்டே கால் நாள். திருக்கணிதப்படி இது. வாக்கியப் பஞ்சாங்கப்படி சனி இன்னும் கும்பத்தைத் தாண்டவேயில்லை என்று தெரிந்ததும் அவனுக்கு உயிர் வந்தது, ஒரு நாள் முழுக்க வாக்கியக்காரனாக இருந்தான். அப்புறம் எண்ணிப் பார்த்தால் கும்பம் அவனுக்கு ஏழாமிடம், கண்டகச் சனி. அதிலும் ஏழு என்றால் மனைவி ஸ்தானம். மறுபடி திருக்கணிதத்துக்கே வந்துவிட்டான். இப்படி இருக்க, அவன் இந்தக் காரில் ஏறலாமா? ஏறினால் அவனுடைய கண்டம் அவளையும் சேர்த்து இழுக்காதா? ஏறாமல் வீட்டிலிருந்து, அவள் தனியாகப் போய், ஏதாவது. அந்த 'ஏதாவது'க்கு மேல் மனசு போகாது, அங்கே வந்ததும் நின்றுவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்கும். மூன்று வாரமாக இதே வட்டம். கடைசியில் அண்ணாச்சிதான் அறுத்துவிட்டார். "உம்ம வீட்டுக்காரம்மா எட்டாமிடத்த நல்லாப் பாத்துட்டேன். பொம்பளைக்கு அதுதான் மாங்கல்ய ஸ்தானம். குரு பாக்காரு, கெட்டியா இருக்கு. உமக்கு ஒண்ணும் ஆகாது, அந்தம்மா பக்கத்துலயே இரும்." அப்போது முடிவு பண்ணினான், பூமியிலேயே பத்திரமான இடம் அவள் ஓட்டுகிற காரின் இடது சீட்தான் என்று. முடிவு பண்ணியது மூளை, அந்த முடிவு இன்னும் வலதுகாலுக்குப் போய்ச் சேரவில்லை. அது மறுபடி தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எதிரே ஒரு டிராக்டர், இவர்களுக்கு முன்னால் ஒரு வாழைத்தார் லாரி, பின்னால் பைக்குகள் ஒவ்வொன்றாக வந்து பிதுங்கின. ஆவுடை என்ஜினை அணைத்தாள். மணி ஒன்பது. எதுலயும் ஒரு தாமதம் இருக்கும். உலகநாதன் கடிகாரத்தைப் பார்த்தான், தண்டவாளத்தைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது ஏழு. வயிற்றுக்குள் யாரோ துணி பிழிந்தார்கள். சுக்கிரன் போய்விடுவான்.

"எத்தன தடவ பாப்பீங்க?" என்றாள் ஆவுடை. "மூணு வாரமா உங்களுக்கு என்னதான் ஆச்சு? நேத்து இடத்தோள், இன்னைக்கு வலத்தோள். காலண்டர்ல இன்னையத் தேதி மட்டும் மடிச்சு மடிச்சுக் கசங்கிப்போயிருக்கு. கந்தையா அண்ணாச்சி என்ன சொன்னாரு? சொல்லுங்க."

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தான். ஓட்டுகிறவளிடம் போய். ஆனால் வண்டி நிற்கிறதே, மேற்படி வாகனம் நின்றுகொண்டிருக்கிறது, நிற்கிற வண்டிக்குள் சொன்னால் என்ன? சொன்னான். எட்டு, நாலு, ராகு, செவ்வாய், எலுமிச்சை மூடி, ரப்பர் பந்து எல்லாம். குழாயைத் திறந்துவிட்டு நின்றதையும். சொல்லச் சொல்ல அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று திரும்பினால் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், ஹாரன் அமுங்கி ஒரு சின்னச் சத்தம் போட்டது, லாரி டிரைவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தான்.

"ஊசிக்குப் பயந்து பொண்ணு பிறந்தப்போ ஆஸ்பத்திரி வாசல்லயே நின்ன ஆளு, ரத்தம் குடுத்தீங்களா?"

"ஒரு பாட்டில்" என்றான். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சிரிப்பை நிறுத்தி அவள் கண்ணைத் துடைத்தாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கும் ராத்திரி தூக்கம் வரல. இந்த ரோட்டப் பத்தி இல்ல. பதினாறு டீச்சர், நானூறு பிள்ளைங்க, என்னையத் தாங்குமான்னு. உங்க அண்ணாச்சி எனக்குப் பதினொண்ணுல சனின்னு சொன்னாருன்னீங்க. ஆனாலும் பயமாத்தான் இருக்கு. அப்போ பதினொண்ணுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவன் யோசித்தான். ஒரே சனி. ஒரே மீனம். ஒரு கட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இவளுக்கு நாற்காலி தருகிறான், அதே நேரத்தில் அவள் பக்கத்து சீட்டில் இருக்கிறவன் காலைப் பிடித்து இழுக்கிறான். ஒரே காரில் இருவரையும் எப்படித் தனித்தனியாகக் கவனிப்பான்? இழுக்க வந்த கையாலேயே தூக்கியும்விட வேண்டும், அல்லது சும்மா இருக்க வேண்டும். இந்த நினைப்பு எங்கேயும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது, மூன்று வாரத்தில் முதல் தடவை. ரயில் வந்தது. ஜன்னலில் ஒரு பெண் தலையைப் பின்னிக்கொண்டே போனாள்.

கேட் திறந்ததும் ஆவுடை, "இங்க பாருங்க. பயப்படாதீங்கன்னு நான் சொல்லல. பயம் இருந்தா இருக்கட்டும். ஆனா சும்மா உக்காந்து பயப்படாதீங்க. இடப்பக்கக் கண்ணாடி உங்க பொறுப்பு. முன்னால என்ன தெரிஞ்சாலும் கத்தாம, மெதுவாச் சொல்லுங்க. ஓட்டுறது நான்" என்றாள். வகுப்பில் கடைசி பெஞ்ச் பையனுக்குக் கரும்பலகை அழிக்கிற வேலை கொடுக்கிற குரல். அவனுக்கு அது பிடித்திருந்தது.

பார்த்தான். இடப்பக்கம் ஒரு பைக் வருகிறது, "இடது பக்கம் பைக்கு." தாண்டிவிட்டது. வீரவநல்லூருக்குள் ஒரு ஆடு நிற்கிறது, யோசிக்கிறது, "ஆடு. போவாது, நிக்கும்." நின்றது. பார்க்கப் பார்க்க, பயப்படுவதற்கு நேரம் போதவில்லை. முன்னால் அதே வாழைத்தார் லாரி. பத்தொன்பது வருஷமாக எத்தனை லாரியின் பின்பக்கத்தை வார்த்தையில் அடித்திருப்பான், கயிறு எப்படித் தளரும், எந்த மூலை முதலில் இறங்கும். மேலே வலது ஓரத்தில் ஒரு தார் மற்றதோடு சேராமல் தனியாக ஆடியது. வாயில் 'பிரேக்' என்று ஒரு கூச்சல் வந்து நின்றது. அதை விழுங்கினான்.

"ஆவுடை, லாரிக்கும் நமக்கும் இன்னும் கொஞ்சம் இடம் விடு. மேல கயிறு லூசா இருக்கு."

"எவ்வளவு?"

"நாலு வண்டி நிக்கிற அளவு."

விட்டாள். ஒரு கிலோமீட்டர் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வந்த பைக்காரன் ஹாரன் அடித்து அடித்துச் சலித்துப்போனான். நாம்தான் வீணாக, என்று உலகநாதன் நினைக்கும்போது சாலையில் ஒரு சின்னப் பள்ளம், லாரி துள்ளியது, தார் மெதுவாக, வேண்டா வெறுப்பாக எழுந்து, காற்றில் ஒரு பாதி சுற்றுச் சுற்றி, தொப்பென்று தார்ச்சாலையில் விழுந்து இவர்களை நோக்கி உருண்டு வந்தது. ஆவுடை பிரேக்கை மிதித்தாள். உலகநாதனும் மிதித்தான், அவன் பக்கத்தில் இல்லாததை. கார் நின்றது. தாரும் நின்றது. நடுவில் ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். ஏழெட்டுக் காய் சிதறிக் கிடந்தன. பின்னால் பைக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தான். லாரி ஓரம் கட்டி, டிரைவர் இறங்கி ஓடிவந்து, முகமெல்லாம் வேர்த்து, "அம்மா, மன்னிச்சிருங்க, ஒண்ணும் படலயே" என்றான். உலகநாதன் இறங்கினான். போய்த் தாரின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தான், "மத்த கயிறையும் இறுக்கிட்டுப் போ தம்பி, அந்த இடது மூலையும் சரியில்ல" என்று இருந்து கட்டவைத்தான். மணி ஒன்பது ஐம்பது. சுக்கிரனுக்கு இன்னும் பத்து நிமிடம், போய்ச் சேர இருபத்தைந்து. போகட்டும், புதனும் நல்லவன்தான், படிப்புக்குக் காரகன், பள்ளிக்கூடத்துக்கு அவனைவிட வேறு யார் வேண்டும்? இப்படித் தானாகவே ஒரு சமாதானம் பண்ணிக்கொள்ள முடிகிறதே என்று அவனுக்கே ஆச்சரியம். காருக்குள் வந்து உட்கார்ந்தபோது ஆவுடை அவன் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "நீங்க சொல்லலன்னா நான் அவன் முதுகுலயே ஒட்டிக்கிட்டுப் போயிருப்பேன்" என்றாள். அவனுக்குள் ஒரு அறிக்கை தானாக ஓடியது. மேற்படி வாகனம் மேற்படி இடத்தில் நிறுத்தப்பட்டது. சேதம்: இல்லை. காயம்: இல்லை. இப்படி ஒரு அறிக்கையை அவன் டைப் அடித்ததே கிடையாது, ஒன்றும் ஆகாத வண்டிகளுக்கு யாரும் அறிக்கை எழுதுவதில்லை, தினமும் எத்தனை ஆயிரம் வண்டி ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போகிறது!

பத்தேகாலுக்குப் பள்ளிக்கூடம். வேப்பமரம், மைதானம், ஓட்டுக் கட்டடத்தை ஒட்டி ஒரு புதுக் கட்டடம். பொறுப்பிலிருந்த மூத்த ஆசிரியர் வாசல் வரை வந்து, "முற்பகல்னுதான் போடணும் டீச்சர், நேரம் நிறைய இருக்கு" என்று பதிவேட்டை விரித்தார். ஆவுடை கையெழுத்துப் போட்டாள். இருபத்து மூன்று வருஷமாகப் பார்த்த கையெழுத்து, கீழே பதவி மட்டும் புதுசு. அதை எழுதும்போது விரல் கொஞ்சம் நின்று போனதை உலகநாதன் கவனித்தான். மணியடித்து மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஒத்திகை பார்த்த பேச்சு அவளுக்கு ஒரு வரிகூட வரவில்லை. "உங்க பேரெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு மாசத்துல எல்லாத்தையும் படிச்சிருவேன். நானூறு பேரு, ஒரு நாளைக்கு இருபது. தப்பாக் கூப்பிட்டா திருத்துங்க" என்றாள். பிள்ளைகள் கையைத் தட்டினார்கள்.

பிறகு அவள் வராண்டாவுக்கு வந்தாள். "எனக்கு நாலரை ஆகும். மூணு மணிக்கு உங்க ஆபீஸ்ல ஆடிட்டுன்னீங்களே. என்ன செய்யப் போறீங்க? இருந்து சேந்து போறதுன்னாலும் சரி, பஸ்ல போறதுன்னாலும் சரி." கொஞ்சம் நிறுத்தி, "இல்ல, வண்டிய எடுத்துட்டுப் போறதுன்னாலும் சரி. நான் டீச்சருங்களோட வேன்ல வந்துருவேன்" என்றாள். உள்ளங்கையில் சாவி. நீட்டவில்லை, சும்மா திறந்து வைத்திருந்தாள்.

சந்திரன் இன்னும் எட்டில்தான் இருக்கிறான், நாளைக் காலை வரை. சனி இரண்டு வருஷத்துக்கு மேல் இருப்பான். செவ்வாய் நாலு மாதம். பக்கத்தில் மாங்கல்ய ஸ்தானம் இல்லை. வயிற்றுக்குள் துணி பிழிகிறவர்கள் மறுபடி வந்துவிட்டார்கள். வரட்டும், பின்சீட்டில் இடம் இருக்கிறது.

"தோள் சரியாயிடுச்சு" என்று சாவியை எடுத்துக்கொண்டான்.

"எந்தத் தோள்?"

"ரெண்டும்."

ஏறினால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது, அவளுடைய உயரத்துக்கு சீட் முன்னால் கிடந்தது. கீழே கையை விட்டுத் தேடி, சீட்டைப் பின்னால் தள்ளினான். நடுக் கண்ணாடியைத் திருப்பினான், வலது, இடது. மூன்றிலும் பள்ளிக்கூடம் தெரிந்தது, இடதில் அவள். சாவியைத் திருப்பி, கிளட்சைச் சட்டென்று விட்டதில் வண்டி ஒரு குலுங்குக் குலுங்கி அணைந்துபோனது. ஏழாம் வகுப்பு ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்து, அடுத்த வகுப்புக்குப் பரவி, கட்டடம் முழுக்கப் போனது. புதுத் தலைமையாசிரியையின் வீட்டுக்காரர்! உலகநாதனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மூன்று வாரச் சிரிப்பு, அடக்கவே முடியவில்லை. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பினான். இந்தத் தடவை வண்டி பிடித்துக்கொண்டது. வாசலில் நின்று வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான், ஒரு சைக்கிள்காரருக்கு வழி விட்டான், ரோட்டில் ஏறினான்.